ரேகையும் கோலமும்: சித்தூர், திருப்பதி வட்டார மணப்பெண் மெஹந்திக் கையின் அண்மைப் படம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

சித்தூரிலும் திருப்பதியிலும் அழகு நிலையம் நடத்துவோர் தங்கள் விளம்பரத்துக்கு எடுக்கும் படங்களில் இரண்டு தவறாமல் இருக்கும். ஒன்று மணப்பெண்ணின் முகம். மற்றொன்று மெஹந்தி இட்ட கை. முகத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. கையை மட்டும் நெருங்கி எடுக்கும் படம் எப்படி அமைகிறது, எங்கே கெடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். முகத்தின் ஒப்பனை, கைப் படத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் ஆறாம் பிரிவில் வரும்.

இந்த வட்டாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதி என்று நீளும் இந்தப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்த வீடுகள் மாவட்ட எல்லையைப் பார்த்துப் பிரியவில்லை. ஒரே மணப்பெண்ணுக்குத் தாய்வழியில் மருதாணி, தந்தைவழியில் கோரிண்டாக்கு. ஆடி மாதத்தை ஒட்டிவரும் தெலுங்கு ஆஷாட மாதத்தில் இலை அரைத்து, உள்ளங்கை நடுவே ஒரு வட்டமும் விரல் நுனிகளுக்குத் தொப்பியும் வைப்பது பழைய வழக்கம். கல்யாணத்துக்கு இன்று இடப்படுவது கோன் மெஹந்தி. வட இந்தியக் கொடிகளும் வலைப் பின்னலும் அதில் சேர்ந்துவிட்டன. திருமலை அடிவாரம் என்பதால் சங்கு, சக்கரம், நாமம் ஆகியவற்றையும் உள்ளங்கையில் வரையச் சொல்வதுண்டு. இவ்வளவு நுணுக்கமான கோடுகளை ஒரு கைப்பேசித் திரையில் காட்ட வேண்டும் என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

இக்கட்டுரை நிறுவ முயல்வது இது: மெஹந்திக் கைப் படத்தில் தோலை இயற்கையாக விடுவது நேர்மைக்காக மட்டும் செய்யப்படுவதல்ல. தோலின் ரேகையும் மெஹந்திக் கோடும் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டவை. தோலின் நிறமும் மெஹந்தியின் நிறமும் ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே தோலைத் துடைக்கும் எந்த வேலையும் கோலத்தையும் துடைக்கும்.

2. கறை எங்கே பிடிக்கிறது

மருதாணி இலையில் லாசோன் என்னும் நிறப்பொருள் இருக்கிறது. விழுதில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு சேர்ந்து சில மணி நேரம் ஊறும்போது அது இலையிலிருந்து வெளிப்படுகிறது. கையில் இட்டதும் தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்துடன் பிணைகிறது. மேலடுக்கு எங்கே தடிப்போ அங்கே கறை ஆழம். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் இந்த அடுக்கு மிகத் தடிப்பு, புறங்கையில் மெல்லிது, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை நோக்கிப் போகப்போக இன்னும் மெல்லிது. ஒரே கோனிலிருந்து ஒரே நாளில் இட்ட கோலம் விரல் நுனியில் கருஞ்சிவப்பாகவும் முன்கையில் வெளிர் செம்பழுப்பாகவும் தெரிவது இதனால்தான். இந்த ஏற்ற இறக்கத்தைக் குறையாக எண்ணிப் படத்தில் சமன்படுத்துகிறார்கள். என் கருத்தில் அது உண்மையான மருதாணியின் கையெழுத்து. அதை விட்டுவைக்க வேண்டும்.

உள்ளங்கைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. மாநிறமோ கருநிறமோ உடையவர்களுக்கும் அங்கே மெலனின் குறைவு. கறை ஆழமாகவும் பின்னணி வெளிறியும் இருப்பதால், இயல்பிலேயே வேறுபாடு கூடுதலாகக் கிடைக்கும் இடம் அதுவே.

நிறம் உடனே வருவதில்லை. விழுதைச் சுரண்டி எடுத்த கணத்தில் கோடு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனால் அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் செம்பழுப்பாகி, பிறகு கருஞ்சிவப்பாகும். சுரண்டிய அன்றே படம் எடுத்துவிட்டு "கலர் ஏறவில்லை" என்று வருந்துவதும், பிறகு கணினியில் நிறத்தை ஏற்றுவதும் இந்த நேரக் கணக்கைத் தவறவிட்டதால் வருபவை.

இன்னொரு குறுக்கு வழி ஆபத்தானது. அரை மணியில் கறுக்கும் என்று விற்கப்படும் கோன்களில் தலைமுடிச் சாயத்துக்குரிய பாரா-ஃபினிலீன்டயமீன் கலந்திருப்பதுண்டு. அது தோலில் கொப்புளத்தையும் நாள்பட்ட ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. பாதிப்பு சில நாள் கழித்தும் தோன்றலாம். ஒரு விளம்பரப் படத்துக்காக மணப்பெண்ணின் கையில் அதைப் பூசுவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது. படத்திலேயே அதைக் கண்டுகொள்ளலாம்: உள்ளங்கை, புறங்கை, முன்கை என எங்கும் ஒரே கறுப்பு இருந்தால் அது மருதாணிக் கறை ஆகாது.

3. ஒரே பருமன், ஒரே நிறம்

விரல் ரேகையில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நுண்ணிய முனை கொண்ட கோனால் கை தேர்ந்தவர் இடும் மெல்லிய கோடு அரை முதல் ஒரு மில்லிமீட்டர். வலைப் பின்னலுக்குள் வைக்கும் புள்ளிகளும் அதே அளவில்தான் வரும். கறை ரேகையின் மேடுகளில் படிந்து, பள்ளங்களில் சற்றுக் குறைவதால், நெருங்கிப் பார்த்தால் கோட்டின் ஓரம் சிறு பற்களாகத் தெரியும். அச்சடித்த ஒட்டியில் இந்தப் பற்கள் இருக்காது.

இப்போது கைப்பேசியில் "தோல் மென்மை" வடிப்பான் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அது படத்தில் குறிப்பிட்ட பருமனுக்குக் கீழே உள்ள வேறுபாடுகளைச் சராசரியாக்கி அழிக்கிறது. நுண்துளை, ரேகை, சிறு சுருக்கம் ஆகியவற்றை அழிப்பதே அதன் நோக்கம். ஆனால் அரை மில்லிமீட்டர் ரேகைக்கும் அரை மில்லிமீட்டர் கோட்டுக்கும் அதனால் வேறுபாடு காண முடியாது. தடித்த பூவிதழ் தப்பும். இதழுக்குள் இழைத்த நரம்புக் கோடுகள் பழுப்புத் திட்டாகக் கரையும். மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து வரைந்தவரின் திறமையில் மிகச் சிறந்த பகுதி எதுவோ அதுவே முதலில் போகிறது.

நிறத்திலும் இதே கதைதான். மனிதத் தோல் எந்தச் சாயலாக இருந்தாலும், வெளிச்சத்தின் அளவில் வேறுபடுமே தவிர, நிறத்தில் ஆரஞ்சை ஒட்டியே நிற்கும். மெஹந்திக் கறையும் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் இடையில் நிற்கிறது. தோலை வெளுக்க எளிய வழி, திருத்த மென்பொருளில் ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றுவது. ஏற்றினால் தோலோடு கோலமும் வெளுக்கிறது. அதை ஈடுகட்டச் சிவப்பின் செறிவைக் கூட்டுகிறார்கள். உடனே விரல் கணுக்களும் நகக் கண்களும் புண்ணாகச் சிவக்கின்றன. பிறகு அதைத் தணிக்க இன்னொரு திருத்தம். இப்படிச் செய்யப்பட்ட படத்தில் கை மெழுகுக் கையாக முடிகிறது.

வெளுப்பதன் பின்னால் இருக்கும் எண்ணத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் வட்டாரப் பெண்களில் பெரும்பாலோர் மாநிறம். அவர்கள் பணம் கொடுத்து வரும் நிலையமே, அவர்கள் நிறத்தில் இல்லாத கையைச் சுவரில் மாட்டுகிறது. நிறத்தை வைத்து மனிதரைத் தாழ்த்தும் விளம்பரம் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் சிவப்பழகுப் பொருள்களுக்கு நெறிமுறை வகுத்தது. அழகு நிலையத்தின் மெஹந்திப் படத்துக்கும் அதே மனநிலை பொருந்த வேண்டும் என்றே கருதுகிறேன்.

4. எவ்வளவு நெருங்க வேண்டும்

முகத்தையும் கையையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்துவிட்டு, கோலத்தின் நுணுக்கமும் தெரிய வேண்டும் என்று கேட்பது வழக்கம். அது ஏன் இயலாது என்பதைச் சிறு கணக்கு காட்டும். இன்ஸ்டாகிராமில் நிலைக்குத்துப் படம் பொதுவாக 1080 புள்ளி அகலத்தில் ஏற்றப்படுகிறது. முகம், தோள், தூக்கிய கை எல்லாம் அடங்க 40 செ.மீ. அகலம் தேவை என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 2.7 புள்ளியே கிடைக்கும். அரை மில்லிமீட்டர் கோட்டுக்கு ஒன்றரைப் புள்ளிகூட வராது. அருகருகே உள்ள இரு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். கையை மட்டும் 12 செ.மீ. அகலத்தில் எடுத்தால் மில்லிமீட்டருக்கு 9 புள்ளி. மெல்லிய கோட்டுக்கு நான்கு அல்லது ஐந்து புள்ளி. கோடும் இடைவெளியும் பிரிந்து தெரியத் தொடங்குவது இந்த அளவில்தான். ஆகவே முகத்துக்கு ஒரு படம், கைக்கு ஒரு படம் என்று இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து வைப்பதே சரி.

நெருங்கும்போது கூர்மையின் ஆழம் சுருங்கும். முழுச்சட்டக் கேமராவில் 18 செ.மீ. நீளப் பரப்பு அடங்குமாறு எடுத்தால் உருப்பெருக்கம் ஐந்தில் ஒன்று. அந்நிலையில் எஃப் 2.8 துளையில் கூர்மை நிற்கும் ஆழம் வெறும் 5 மி.மீ.; எஃப் 8இல் சுமார் 14 மி.மீ.; எஃப் 11இல் சுமார் 20 மி.மீ. இயல்பாகத் தளர்ந்து குவிந்த உள்ளங்கையில், விரல் நுனிக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு இதைவிட எளிதில் கூடிவிடும். பின்னணி மங்கினால் அழகு என்ற பழக்கத்தில் துளையை அகலத் திறப்பவர் பாதிக் கோலத்தை இழக்கிறார். துளையை 8க்கும் 11க்கும் இடையில் வைத்து, விரல்களுக்கு அடியில் மடித்த துணியைக் கொடுத்துக் கையைக் கேமராவுக்கு நேர்தளமாக்குவதே வழி.

கைப்பேசியால் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, வேறொன்று கூடுதல். அகன்ற பார்வை கொண்ட முதன்மை வில்லையால் ஒரு சாண் தூரத்தில் எடுத்தால், அருகிலுள்ள விரல் பருத்தும் மணிக்கட்டு சிறுத்தும் தெரியும். இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கம் தரும் வில்லை இருந்தால் அதைக் கொண்டு சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாம். அழகு வடிப்பானை எடுப்பதற்கு முன்பே முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். எடுத்த பின் அழிந்த ரேகை திரும்பாது.

5. ஒளி

மெஹந்திக்குப் பெரும் எதிரி அழகு நிலையத்தின் கூரை விளக்கே. மலிவான எல்இடி விளக்கின் உறையில் நிறத்துல்லிய எண் 80 என்று அச்சிட்டிருக்கலாம். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு ஒன்பதாவது மாதிரி, சராசரியில் சேர்வதில்லை. அடர்சிவப்பு குறைந்த விளக்கின் கீழ் கருஞ்சிவப்புக் கறை சாணிப் பழுப்பாகத் தெரியும், உதட்டுச் சாயமும் வாடும். விளக்கு வாங்கும்போது ஒன்பதாம் மாதிரிக்கான மதிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. அது கிடைக்காவிட்டால் பகல் வெளிச்சம் விழும் சன்னலே போதும். வெள்ளை மல் துணியைச் சன்னலில் கட்டி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையை நிறுத்தலாம். விளக்கு ஒளியில் எடுப்பதானால் மறைப்பு வேகத்தை நொடியில் நூறில் ஒரு பங்காக வைத்தால், நம் மின்சாரத்தின் துடிப்பால் வரும் பட்டைகள் விழா.

ஒளி பக்கவாட்டிலிருந்து சரிந்து விழ வேண்டும். நேர் எதிரிலிருந்து விழும் ஃபிளாஷ் ரேகையின் நிழலை அழித்து, எண்ணெய் மினுமினுப்பை வெள்ளைத் திட்டாக்கும். மெஹந்திக் கையில் தேங்காய் எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ தடவியிருப்பார்கள். துடைத்துவிட்டு, வறட்சி வெள்ளைக் கோடுகளாகத் தெரியாத அளவுக்கு ஈரம் மட்டும் விட வேண்டும். வில்லைக்கு முனைவாக்கி மாட்டி மினுமினுப்பை முழுவதும் நீக்குவோரும் உண்டு. கோலம் செறிந்து தெரியும் என்பது உண்மை. ஆனால் தோல் சுண்ணாம்புச் சுவராகத் தட்டையாகும். பாதி நீக்கினால் போதும்.

அருகிலுள்ள நிறமும் கையில் ஏறும். சிவப்புப் பட்டுப்புடவையின் மடியில் கையை வைத்து எடுத்தால் விரலிடுக்குகளில் சிவப்பு பிரதிபலிக்கும். சட்டகம் நிறையச் சிவப்பும் பொன்னும் இருப்பதால், கேமராவின் தானியங்கி வெண்சமநிலை அதை ஈடுகட்ட நீலத்துக்கு இழுக்கும். தோல் வெளிறிப் பச்சையடிக்கும். சாம்பல் அட்டை ஒன்றைக் கைக்குப் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுத்து, அதை வைத்தே சமநிலையை நிறுத்த வேண்டும்.

6. முகமும் கையும் பொருந்துவது

கைப் படத்தை முகப் படத்தின் அடுத்து வைக்கும்போதுதான் ஒப்பனையின் பிழை வெளிப்படுகிறது. முகத்தில் இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷன்; கையில் இயற்கைத் தோல். பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு பெண்களாகத் தோன்றும். கைக்கும் ஃபவுண்டேஷன் பூசிச் சமாளித்தால் அது கோடுகளின் இடைவெளியை மூடி, கறையின் மேல் பனியாகப் படியும். எனவே ஃபவுண்டேஷன் நிறத்தைத் தாடை, கழுத்து, முன்கையின் வெளிப்புறம் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்துத் தேர வேண்டும்.

நலுங்குக்கு முன்பே அதைத் தேர வேண்டும் என்பதும் முக்கியம். மஞ்சள் பூசிய உடம்பு ஒன்றிரண்டு நாள் மஞ்சளடிக்கும். அன்று பொருந்திய நிறம் முகூர்த்தத்தில் பொருந்தாது. துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ கலந்த வெயில் காப்புப் பூச்சும், சிலிக்கா தூளும் நேர் ஃபிளாஷில் வெள்ளையடிக்கும் என்பதையும் ஒப்பனையாளர் படக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவிடலாம்.

7. ஒரு பணியின் கணக்கு

ஞாயிறு விடியற்காலை 4.30 மணிக்குத் திருப்பதி மண்டபம் ஒன்றில் முகூர்த்தம் என்று கொள்வோம். தெலுங்குக் கல்யாணங்களில் நள்ளிரவும் விடியலும் முகூர்த்தமாக அமைவது இயல்பு. அப்போது சன்னல் வெளிச்சம் கிடையாது. முகூர்த்தம் முடிந்தபின் எடுக்கலாம் என்றால் தலம்பிராலு போட்ட கைகளில் மஞ்சள் அரிசியின் நிறம் ஏறியிருக்கும். ஆகவே முந்தின நாளையே குறிவைக்க வேண்டும்.

வியாழன் மாலை வரைந்து முடித்து, எலுமிச்சை சர்க்கரைக் கரைசலை ஒற்றி, இரவு முழுக்க விட்டு, வெள்ளி காலை 6 மணிக்குத் தண்ணீர் படாமல் சுரண்டுகிறார்கள். பகல் முழுதும் கை கூடியவரை நனையாமல் இருக்கிறது. சனி பிற்பகல் 3.30க்கு, வரவேற்பு ஒப்பனைக்கு நிலையத்துக்கு வரும்போது, சுரண்டி முப்பத்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். நிறம் ஏறக்குறைய முழுமை பெற்றிருக்கும், வெளிச்சமும் இருக்கும். நலுங்கு அதற்கு முன்பே நடந்துவிட்டால் கையில் மஞ்சள் படாமல் பார்த்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

வந்தவுடன் எடுக்கக் கூடாது. ஏசி அறையின் குளிரில் தோல் திட்டுத் திட்டாகத் தெரியும். தொங்கவிட்ட கையில் நரம்பு புடைக்கும். கையை மார்பளவு உயர்த்திச் சற்று நேரம் வைத்திருந்தால் நரம்பு அடங்கும். அடியில் சந்தன நிறப் பருத்தித் துணி. வளையல்களைப் பின்னுக்குத் தள்ளி, மணிக்கட்டுக் கோலம் முழுதும் தெரிய விடுகிறார்கள். 100 மி.மீ. அண்மை வில்லை, கையிலிருந்து சுமார் 70 செ.மீ. தூரம், துளை எஃப் 8, கூர்மை உள்ளங்கை நடுவே உள்ள தாமரையில். முதலில் சாம்பல் அட்டையுடன் ஒன்று. கேமரா திரையில் சிவப்பு வரைபடம் மட்டும் வலது விளிம்பை முட்டினால், வெளிச்சத்தை மூன்றில் ஒரு படி குறைக்கிறார்கள். இல்லையேல் கோடுகள் ஒரே சிவப்பாக அடைத்துப் போகும்.

கணினியில் செய்யும் வேலை குறைவு. சமநிலையை அட்டையால் நிறுத்துவது. துணியில் விழுந்த நூலையும், கோலத்தில் சேராத விழுதுத் துணுக்கையும் நீக்குவது. 1080க்கு 1350 என்று தாமே சுருக்கி, சுருக்கிய பிறகே மெலிதாகக் கூர்மையேற்றுவது. ஆரஞ்சைத் தொடுவதில்லை. கோலம் இன்னும் எடுப்பாக வேண்டும் என்றால் தூரிகையால் கோட்டின் மேல் மட்டும் நிழலைக் கொஞ்சம் ஆழப்படுத்தலாம். அதற்கு மேல் செய்தால் அடுத்து வரும் மணப்பெண்ணுக்கு நிலையம் கொடுக்க முடியாத நிறத்தை வாக்களிப்பதாகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதை நிலையத்தார் நினைவில் வைக்கட்டும். கை அடையாளம் காட்டாது என்று எண்ணிப் பெண்ணின் சம்மதம் கேளாமல் ஏற்றுவதும் தவறு. உள்ளங்கையில் மணமகனின் பெயர் எழுதப்பட்டிருக்கும். கூர்மையான படத்தில் விரல் ரேகையும் படிக்கும்படி இருக்கும். வெளியிடும் அளவில் அவை எவ்வளவு தெரிகின்றன என்பதைக் காட்டிவிட்டே ஒப்புதல் பெற வேண்டும்.

8. படத்தைச் சோதிப்பதும் முறையின் எல்லையும்

முடிந்த படத்தை மூன்று இடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். சுட்டுவிரல் நுனித் தொப்பிக்குள் ரேகை தெரிகிறதா? தெரியாவிட்டால் துடைத்தல் நடந்திருக்கிறது, அல்லது கூர்மை அங்கே எட்டவில்லை. உள்ளங்கையிலிருந்து முன்கைக்குப் போகையில் நிறம் இறங்குகிறதா? இறங்காவிட்டால் சாயமோ திருத்தமோ உண்டு. கோடு இல்லாத வெற்றுத் தோல், விரல் மடிப்பில் சற்று அடர்ந்தும் மேட்டில் சற்று வெளிறியும் இருக்கிறதா? எங்கும் ஒரே நிறமாக இருந்தால் வெளுப்பு வேலை செய்திருக்கிறது. படத்தின் நீல நிறத்தடத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது நான்காவது சோதனை. லாசோன் நீல ஒளியை உறிஞ்சுவதால் கோலம் அங்கே மிகக் கறுப்பாக எழும்; தேய்ந்துபோன கோடுகள் அங்கேயும் எழாவிட்டால், அவை படத்திலேயே இல்லை.

இந்த முறை உள்ளங்கைக்கே முழுதாகப் பொருந்தும். கருநிறப் புறங்கையில் மெலனினும் நீல ஒளியை உறிஞ்சுகிறது, கறையும் மெல்லிது. அங்கே எவ்வளவு நல்ல ஒளி வைத்தாலும் கோலம் அடங்கித்தான் தெரியும். அத்தகைய கைக்குப் புறங்கைப் படத்தை, விழுது காயாமல் தோலுக்கு மேல் எழும்பி நிற்கும் வியாழன் மாலையிலேயே சரிந்த ஒளியில் எடுத்துக்கொள்ளலாம். கோட்டின் நேர்த்தியை அப்போது மேட்டின் நிழல் காட்டும். அந்தப் படத்தின் கீழ் "விழுது நிலையில்" என்று எழுதிவிட்டு, கறை நிலைக்கு அதே பெண்ணின் உள்ளங்கைப் படத்தை அடுத்து வைக்க வேண்டும்.